காக்ஸ் மாதிரியின் வெளியீட்டில் சிகிச்சை வரியையும் வயது வரியையும் எப்படிப் படிப்பது?

கேள்வி: ஆர் மென்பொருளில் உள்ள ovarian தரவில் காக்ஸ் மாதிரியை ஓட்டினேன். திரையின் படத்தை இணைத்திருக்கிறேன். rx வரியில் 0.4475 என்றும் age வரியில் 1.1587 என்றும் வருகிறது. நட்சத்திரக் குறி வயதுக்கு மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் சிகிச்சையால் பலன் இல்லை, வயதுதான் முக்கியம் என்று எழுதலாமா? lower, upper என்று வரும் எண்களை எப்படிப் படிப்பது?

பதில்:

அப்படி எழுத முடியாது. காரணங்களைச் சொல்வதற்கு வசதியாக, உங்கள் படத்தில் தெரியும் பகுதியை இங்கே தட்டச்சு செய்துகொள்கிறேன்.

```
coxph(Surv(futime, fustat) ~ rx + age, data = ovarian)
n= 26, number of events= 12

        coef exp(coef) se(coef)      z Pr(>|z|)
rx  -0.80397   0.44755  0.63205 -1.272  0.20337
age  0.14733   1.15873  0.04615  3.193  0.00141 **

    exp(coef) exp(-coef) lower .95 upper .95
rx     0.4475     2.2344    0.1297     1.545
age    1.1587     0.8630    1.0585     1.268
```

இந்தத் தரவு 1979இல் வெளியான ஒரு சினைப்பைப் புற்றுநோய்ச் சோதனையிலிருந்து வந்தது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 26 பெண்களில் 13 பேருக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடு மட்டும் தரப்பட்டது. அவர்களுக்கு rx 1. மற்ற 13 பேருக்கு அதனுடன் அட்ரியாமைசினும் சேர்த்துத் தரப்பட்டது. அவர்களுக்கு rx 2. futime என்பது கண்காணிப்பில் இருந்த நாட்கள். fustat 1 என்றால் அந்தப் பெண் இறந்துவிட்டார்; 0 என்றால் கண்காணிப்பு முடிந்த நாளில் உயிருடன் இருந்தார்.

முதலில் rx வரியின் திசையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இங்கே rx வெறும் எண்ணாகவே மாதிரிக்குள் போயிருப்பதால், ஓர் அலகு கூடுவது என்பது 1இலிருந்து 2க்குப் போவதாகும். ஆகவே 0.4475 என்பது கூட்டு மருந்து பெற்றவர்களின் ஹசார்டை ஒற்றை மருந்து பெற்றவர்களின் ஹசார்டால் வகுத்துக் கிடைக்கும் விகிதம். எதிர்த்திசையில் கேட்டால், அதாவது ஒற்றை மருந்துக்காரர்களின் ஹசார்ட் எத்தனை மடங்கு என்று கேட்டால், விடை பக்கத்திலேயே exp(-coef) என்ற தலைப்பின் கீழ் 2.2344 என்று இருக்கிறது. இரண்டும் ஒரே செய்திதான். இரண்டு குழுக்கள் மட்டும் உள்ள இடத்தில் எண்ணாக விடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் மூன்று மருந்துகளை 1, 2, 3 என்று குறித்து அப்படியே விட்டுவிட்டால், 1க்கும் 2க்கும் இடையிலுள்ள அதே மடங்கு 2க்கும் 3க்கும் இடையிலும் இருப்பதாக மாதிரி எடுத்துக்கொள்ளும். அதனால் factor(rx) என்று எழுதுவதையே வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. அப்போது வரியின் பெயரே factor(rx)2 என்று வந்து, எதனுடன் எதை ஒப்பிடுகிறோம் என்பதைக் காட்டிவிடும்.

ஹசார்ட் என்பது, ஒரு குறிப்பிட்ட நாள் வரை உயிருடன் இருப்பவர்களிடையே அந்த நேரத்தில் இறப்பு நிகழும் வேகம். கூட்டு மருந்துக் குழுவில் அந்த வேகம் மற்றதில் உள்ளதைப் போல 0.45 மடங்கு என்பதுதான் 0.4475இன் பொருள். இதை "கூட்டு மருந்தால் 55 விழுக்காட்டினர் காப்பாற்றப்பட்டனர்" என்று எழுதுபவர்கள் உண்டு. அது தவறு என்பதை இந்தத் தரவிலேயே பார்க்கலாம். ஒற்றை மருந்துக் குழுவில் 13 பேரில் 7 பேரும், கூட்டு மருந்துக் குழுவில் 13 பேரில் 5 பேரும் இறந்திருக்கிறார்கள். இறந்தோரின் பங்குகளை நேரடியாக வகுத்தால் 0.71 வருகிறதே தவிர 0.45 வருவதில்லை. யார் எப்போது இறந்தார்கள், யாரைப் பற்றிய தகவல் எந்த நாளோடு நின்றது என்ற கணக்கும், வயதின் கணக்கும் ஹசார்ட் விகிதத்துக்குள் இருக்கின்றன. அதேபோல "ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டது" என்றும் 2.2344ஐப் படிக்கக் கூடாது. அந்த எண் எத்தனை நாட்கள் கூடின என்று சொல்வதில்லை.

இனி நீங்கள் கேட்ட lower, upper. இவை 95 விழுக்காடு நம்பக இடைவெளியின் இரு முனைகள். coef என்ற நெடுவரிசையிலிருந்து கணக்கிடப்படுபவை. rx க்கு coef −0.80397, திட்டப் பிழை 0.63205. திட்டப் பிழையை 1.96ஆல் பெருக்கினால் 1.239. அதை coef இலிருந்து கழித்தால் −2.043, கூட்டினால் 0.435. இந்த இரண்டையும் exp செய்தால் 0.1297, 1.545 என்று திரையில் உள்ள எண்களே வந்துவிடும். இடைவெளி 0.4475ஐச் சுற்றி இருபுறமும் சமமாக இல்லையே என்று சிலர் குழம்புவார்கள். கூட்டல் கணக்கில் பார்ப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. 0.4475 கீழ் முனையைப் போல 3.45 மடங்கு, மேல் முனை 0.4475ஐப் போல அதே 3.45 மடங்கு. பிறருடைய அட்டவணையைப் படிக்கும்போதும் இது ஒரு நல்ல சோதனை: இரு முனைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ ஹசார்ட் விகிதம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ அச்சுப்பிழை இருக்கிறது, அல்லது இடைவெளி வேறு முறையில் கணக்கிடப்பட்டிருக்கிறது.

இந்த இடைவெளி சொல்லும் செய்தி, கூட்டு மருந்து இறப்பின் வேகத்தை 87 விழுக்காடு குறைத்திருக்கவும் கூடும், 54 விழுக்காடு கூட்டியிருக்கவும் கூடும், இவற்றில் எதனோடும் இந்தத் தரவு முரண்படவில்லை என்பதுதான். 1 என்ற எண் உள்ளே இருப்பதும், p மதிப்பு 0.20 ஆக இருப்பதும் ஒரே உண்மையின் இரு தோற்றங்கள். "பலன் இல்லை" என்று எழுத வேண்டுமானால் இடைவெளி 1ஐ ஒட்டிக் குறுகியதாக, சொல்லப்போனால் 0.95க்கும் 1.05க்கும் இடையில் என்பதுபோல, இருந்திருக்க வேண்டும். இங்கே இருப்பது பலன் இல்லை என்பதற்கான சான்று அல்ல. உண்டா இல்லையா என்று சொல்லப் போதிய சான்று இல்லாத நிலை. நட்சத்திரக் குறியை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. அந்தக் குறிகளை அச்சிடாமல் விட options(show.signif.stars = FALSE) என்று ஒரு வசதி இருக்கிறது. மாணவர்கள் அதை முதல் நாளே போட்டுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இடைவெளி ஏன் இவ்வளவு அகலம் என்றால், காக்ஸ் மாதிரியில் தகவலைத் தருவது 26 பேர் என்ற எண்ணிக்கையைவிட 12 இறப்புகள்தான். வயதைச் சேர்க்காமல் rx ஐ மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். திட்டப் பிழை 0.587 என்று வரும். இரு குழுக்களின் இறப்புகளைத் தலைகீழாக்கிக் கூட்டி, அதாவது 1/7 உடன் 1/5 ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 0.586. ஏறத்தாழ அதே எண். எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பது இந்தச் சிறு கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையான விகிதம் 0.45தான் என்று வைத்துக்கொண்டால், அதை ஐந்து விழுக்காடு மட்டத்தில் 80 விழுக்காடு வாய்ப்புடன் கண்டுபிடிக்க எத்தனை இறப்புகள் தேவை? சம அளவுள்ள இரு குழுக்களுக்கான வழக்கமான கணக்கு இது:

```
4 * (1.96 + 0.84)^2 / log(0.4475)^2
```

விடை 48.5. அதாவது 49 இறப்புகள் தேவைப்படும் இடத்தில் நம்மிடம் இருப்பது 12. இவ்வளவு பெரிய பலன் உண்மையிலேயே இருந்தாலும், இந்த அளவுள்ள சோதனை பெரும்பாலும் அதைத் தவறவிட்டிருக்கும்.

அடுத்தது வயது. 1.1587 என்பது ஒரே சிகிச்சை பெற்ற இரு பெண்களில் ஒருவர் மற்றவரைவிட ஒரு வயது மூத்தவராக இருந்தால் அவருடைய ஹசார்ட் எத்தனை மடங்கு என்பதைச் சொல்கிறது. rx வரியின் அலகு ஒரு முழுச் சிகிச்சை மாற்றம். Age வரியின் அலகு ஒரே ஓர் ஆண்டு. எனவே 0.4475, 1.1587 ஆகிய இரண்டில் எது 1இலிருந்து அதிகம் விலகியிருக்கிறது என்று பார்த்து எது முக்கியம் என்று முடிவு செய்ய இயலாது. வயதை மாதங்களில் கொடுத்திருந்தால் அதே மாதிரியில் அந்த எண் 1.012 ஆகச் சுருங்கியிருக்கும். Z மதிப்பும் p மதிப்பும் துளிகூட மாறியிருக்காது. p மதிப்புகளை ஒப்பிட்டும் முக்கியத்துவத்தைச் சொல்ல முடியாது. வயதின் p சிறியதாக இருப்பதற்கு அதன் விளைவு வலுவாக இருப்பது ஒரு காரணம் என்றால், 39 முதல் 74 வரை அது விரிந்து கிடப்பதும் ஒரு காரணம்.

படிப்பவருக்குப் பொருள் தரும் அலகு பத்து ஆண்டுகள். அதற்கு 1.1587ஐப் பத்தால் பெருக்கக் கூடாது. பத்தாம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். coef ஐப் பத்தால் பெருக்கி exp எடுத்தால் 4.36. இடைவெளியின் முனைகளையும் அதேபோல உயர்த்த வேண்டும்: கீழ் முனை 1.77, மேல் முனை 10.8. மாதிரியிலேயே I(age/10) என்று எழுதிவிட்டால் இந்த எண்கள் நேராகத் திரைக்கு வந்துவிடும். 1.06 முதல் 1.27 வரை என்று பார்க்கும்போது வயதின் விளைவு மிகத் துல்லியமாக அளக்கப்பட்டதுபோல் தோன்றியது. பத்தாண்டு அலகில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கிலிருந்து பதினோரு மடங்கு வரை என்று விரிகிறது. தகவல் மாறவில்லை, சிறிய அலகு அந்த நிச்சயமின்மையைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்தது. வயது கூடக்கூட ஹசார்ட் கூடுகிறது என்பது இந்தத் தரவில் தெளிவு; எவ்வளவு கூடுகிறது என்பது அவ்வளவு தெளிவல்ல.

"சிகிச்சையைக் கணக்கில் கொண்டு வயது", "வயதைக் கணக்கில் கொண்டு சிகிச்சை" என்ற சொற்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தத் திரையில் தெரியாத பகுதி. rx ஐ மட்டும் வைத்து ஓட்டினால் ஹசார்ட் விகிதம் 0.55, இடைவெளி 0.17 முதல் 1.74 வரை. வயதைச் சேர்த்ததும் அது 0.45 ஆகிறது. ஒற்றை மருந்துக் குழுவில் வயதானவர்கள் அதிகமாக இருந்திருப்பார்கள் என்று உடனே விளக்கம் சொல்லத் தோன்றும். ஆனால் அப்படி இருந்திருந்தால் வயதைச் சேர்த்ததும் கூட்டு மருந்தின் பலன் சிறிதாகியிருக்க வேண்டும். இங்கே அது பெரிதாகியிருக்கிறது. சராசரி வயதைக் கணக்கிட்டால் ஒற்றை மருந்துக் குழுவில் 55.7, கூட்டு மருந்துக் குழுவில் 56.6. கூட்டு மருந்துக் குழுவே சற்று மூத்தது. அந்தச் சிறு வித்தியாசம் இந்த மாற்றத்தில் ஒரு பகுதியை விளக்குகிறது. மீதியில், சமநிலைக் குறைவு எதுவும் இல்லாதபோதும் ஹசார்ட் விகிதத்துக்கு உள்ள ஓர் இயல்புக்கும் பங்கு உண்டு: வலுவான முன்கணிப்பு மாறி ஒன்றைச் சேர்த்தால் அது 1இலிருந்து மேலும் விலகிச் செல்லும்.

சராசரியோடு நிறுத்திவிடாமல் 26 வரிகளையும் வயதின்படி அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரியும். 65 வயதைத் தாண்டியவர்கள் நான்கு பேர். நால்வரும் ஒற்றை மருந்துக் குழுவில் இருந்தவர்கள், நால்வரும் இறந்துவிட்டார்கள். 59, 115, 156, 268 ஆகிய நாட்களில் நிகழ்ந்த அந்த இறப்புகள்தான் முழுத் தரவிலும் முதல் நான்கு இறப்புகள். 50 வயதுக்குக் குறைந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஐவர் அதே ஒற்றை மருந்துக் குழுவில் இருந்தார்கள், அந்த ஐவரில் இறந்தவர் ஒருவர். கூட்டு மருந்துக் குழுவிலோ, 44 வயதுடைய ஒருவரைத் தவிர மற்ற பன்னிரண்டு பேரும் 50க்கும் 65க்கும் இடைப்பட்டவர்கள். இவர்களில் 5 பேர் இறந்தார்கள். அந்த இடைப்பட்ட வயதில் ஒற்றை மருந்துக் குழுவில் இருந்தவர்கள் நான்கே பேர், இருவர் இறந்தார்கள்.

அப்படியானால் ஒரே வயதுப் பெண்களிடையே நேரடி ஒப்பீடு என்று பார்த்தால் 4 பேரில் 2 இறப்பும் 12 பேரில் 5 இறப்பும்தான் கையில் மிஞ்சுகின்றன. இந்த வெற்றிடத்தை மாதிரி ஒரு நேர்கோட்டைக் கொண்டு நிரப்புகிறது. வயது ஓர் ஆண்டு கூடும்போதெல்லாம் ஹசார்டின் மடக்கை அதே 0.147 அளவு கூடுகிறது, 40 வயதிலும் 70 வயதிலும் அதில் மாற்றமில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. அந்த எடுகோளின்படி 70 வயதினரின் இறப்பிலிருந்தும் 40 வயதினரின் பிழைப்பிலிருந்தும் ஒற்றை மருந்து பெற்ற 57 வயதுப் பெண்ணுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகித்து, கூட்டு மருந்துக்காரர்களோடு ஒப்பிடுகிறது. 0.4475 என்ற எண்ணின் பெரும்பகுதி இந்த ஊகத்தில் நிற்கிறது. lower, upper எண்கள் இந்த ஊகம் சரி என்று ஏற்றுக்கொண்டு கணக்கிடப்பட்டவை. ஊகமே தவறாக இருக்கும் வாய்ப்பு அவற்றுக்குள் அடங்குவதில்லை. இத்தனை சிறிய தரவில் வளைகோடு போட்டுச் சோதிப்பதும் பெரிதாக உதவாது, ஏனெனில் 12 இறப்புகளை இரண்டு மாறிகள் பங்கிட்டுக்கொள்வதே அதிகம்தான். செய்யக்கூடியது, ஆய்வறிக்கையில் வயதுப் பரவலைச் சிகிச்சைக் குழு வாரியாக ஒரு புள்ளிப்படமாகக் காட்டுவது.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். rx குலுக்கலில் தீர்மானிக்கப்பட்டது, வயது அப்படியல்ல. எனவே சிகிச்சையின் எண்ணைக் காரண விளைவாகப் பேசச் சோதனையின் அமைப்பே இடம் தருகிறது. வயதின் எண்ணோ, வயதோடு சேர்ந்து வரும் எல்லாவற்றையும், எடுத்துக்காட்டாக அறுவைக்குப் பின் எஞ்சிய கட்டியின் நிலையையும் உடலின் பொதுத் தெம்பையும், தன்னோடு சுமந்துகொண்டிருக்கலாம். ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும் காரணத்தால் இரண்டையும் ஒரே தொனியில் எழுதிவிடக் கூடாது.

உங்கள் படத்தின் அடியில் வெட்டுப்பட்டிருக்கும் மூன்று சோதனைகளைப் பற்றியும் ஒரு சொல். முழு வெளியீட்டில் Likelihood ratio test= 15.89 on 2 df, p=4e-04 என்று வரும். அந்த p மதிப்பை எடுத்து "சிகிச்சை புள்ளியியல்படி முக்கியமானது" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அது rx, age இரண்டும் சேர்ந்து எதையாவது விளக்குகின்றனவா என்ற கேள்விக்கான விடை. இங்கே கிட்டத்தட்ட முழுவதும் வயதின் பங்கு. வயதை மட்டும் வைத்த மாதிரியில் அதே சோதனை 14.29 தருகிறது. கழித்தால் சிகிச்சைக்கு மிஞ்சுவது 1.60, அதன் p மதிப்பு 0.21. மேலே rx வரியில் இருந்த 0.203 உடன் இது நன்றாக ஒத்துப்போகிறது. இரண்டும் வெகுவாக வேறுபட்டிருந்தால் திரையில் உள்ள இடைவெளியை நம்பத் தயங்க வேண்டியிருந்திருக்கும்.

விகிதம் காலம் முழுவதும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க cox.zph ஐ ஓட்டி, அதன் வரைபடத்தையும் பாருங்கள். அது பிழை காட்டவில்லை என்பதால் எடுகோள் நிரூபணமாகிவிட்டது என்று கொள்ள வேண்டாம். 12 இறப்புகளைக் கொண்டு அந்தச் சோதனையால் பெரிய மீறல்களை மட்டுமே பிடிக்க முடியும்.

முடிவுகள் பகுதியில் நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "வயதைக் கணக்கில் கொண்டபோது, ஒற்றை மருந்தோடு ஒப்பிடுகையில் கூட்டு மருந்தின் ஹசார்ட் விகிதம் 0.45 (95 விழுக்காடு நம்பக இடைவெளி 0.13 முதல் 1.54 வரை, 26 பேரில் 12 இறப்புகள்). பெரிய பலனையோ மிதமான தீங்கையோ இத்தரவு விலக்கவில்லை. ஒரே சிகிச்சை பெற்றவர்களிடையே பத்து ஆண்டு வயது வேறுபாட்டுக்கான ஹசார்ட் விகிதம் 4.4 (1.8 முதல் 10.8 வரை), 65 வயதைக் கடந்த நால்வரும் ஒற்றை மருந்துக் குழுவிலேயே இருந்தனர்." கடைசித் தொடர் முடிவுகள் பகுதிக்கு உரியதல்ல என்று வழிகாட்டி சொன்னால் அடிக்குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அதை நீக்கிவிட மட்டும் வேண்டாம்.